அணைத்து வைத்த போன் அடித்தது: ஓர் ஐஇஎல்டிஎஸ் தேர்வு மையத்தில் நடந்தது

மதுரையில் நர்ஸுகளுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டன் போக நினைப்பவர்கள் வருவார்கள். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, அந்நாட்டு நர்சிங் கவுன்சில் கேட்பது அதன் அகாடமிக் வகைத் தேர்வில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. நான் சொல்லப்போகும் மாணவர் இந்த மதிப்பெண்ணை எட்டிவிடும் நிலையில் இருந்தவர். தேர்வு தொடங்கி ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். அவர் காப்பி அடிக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. நடந்ததை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அவர் பெயரும் மையத்தின் பெயரும் வேண்டாம்.

அன்று காலை அவருக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்வுக்குப் பதிவு செய்தபோது கொடுத்தது பழைய பாஸ்போர்ட் எண். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்துவிட்டார். நம் நாட்டில் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழையதை மூலை வெட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். கையில் புதிய பாஸ்போர்ட்டும், கூடவே ஒரு நம்பிக்கைக்கு ஆதாரும் வைத்திருந்தார். இந்தியாவில் இந்தத் தேர்வுக்கு பாஸ்போர்ட் ஒன்றுதான் அடையாளம். ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட்டின் கலர் ஜெராக்ஸ் எதுவும் செல்லாது. அந்த பாஸ்போர்ட்டும் காலாவதி ஆகாததாக, அசலாக, பதிவு செய்தபோது கொடுத்த அதே பாஸ்போர்ட்டாக இருக்க வேண்டும்.

‘ஆள் நான்தானே, படத்தைப் பாருங்கள்’ என்று அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது ஒரு பட்டியல். அதில் இருக்கும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று மட்டும்தான் அவர் பார்க்கலாம். தேர்வுக்கு முன்பே புதிய பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பி எண்ணை மாற்றச் சொல்லியிருந்தால் மையமே மாற்றியிருக்கும். தேர்வு நாள் காலையில் அது நடக்காது. தேர்வுக்கு வராதவர் கணக்கில் சேர்ந்தார். கட்டணம் போச்சு.

நம்மவர்களுக்கு இதே இடத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு, அது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகா’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதியாக வேண்டும். அந்த அப்பா பெயர் சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டத்தில் ஏறியிருக்கும், சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டமே காலியாக இருந்து இரண்டும் சேர்ந்து ஒரே வரியில் கிடக்கும். தேர்வுப் படிவத்தை நிரப்பும்போது பலர் சான்றிதழைப் பார்த்துப் பெயர் அடிக்கிறார்கள். பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தை. மதிப்பெண் தாளில் வரப்போவதும், நர்சிங் கவுன்சில் ஒப்பிடப்போவதும் அந்தப் பெயரைத்தான். என் மாணவர்களிடம் பதிவு முடிந்ததும் உறுதி மின்னஞ்சலையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக எனக்குப் படித்துக் காட்டச் சொல்வேன். சிரிப்பார்கள். சரி, சிரிக்கட்டும்.

இப்போது நம் மாணவர். பாஸ்போர்ட், பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அங்கேயே படம் எடுத்தார்கள், விரல் ரேகை பதிந்தார்கள். இந்தப் படம் சும்மா எடுப்பதில்லை, பின்னால் மதிப்பெண் தாளில் அச்சாவது இதுதான். விரல் ரேகை, நடுவில் கழிப்பறை போய்விட்டுத் திரும்பும்போது, வெளியே போன ஆளே திரும்பி வந்தாரா என்று பார்க்க. பேச்சுத் தேர்வு அறைக்குள் போகும்போதும் மறுபடி அடையாளம் பார்ப்பார்கள், பேச்சு முழுவதும் பதிவாகும்.

அடுத்தது உடைமைகள். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். ஸ்மார்ட் கடிகாரம் மட்டுமில்லை, சாவி கொடுக்கும் பழைய கடிகாரமும் கூடாது. மேஜைக்குக் கொண்டுபோகலாம் என்று அனுமதிப்பது பாஸ்போர்ட்டையும், லேபிள் உரித்த நிறமில்லாத பாட்டிலில் தண்ணீரையும். அவர் தன் ஸ்மார்ட்போனை அணைத்துப் பையில் வைத்தார். பையை ஒப்படைத்தார். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்த்தார்கள். இடுப்பருகே கீச்சிட்டது. ‘பெல்ட் சார்’ என்றார். பெல்ட்தான் என்று அவரும் நம்பினார். சோதித்தவர் தலையசைத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அது பெல்ட் மட்டும் இல்லை. அவர் போட்டிருந்தது தொடைப் பக்கம் பை வைத்த கார்கோ பேன்ட். அந்தப் பைக்குள் ஒரு சின்ன பட்டன் போன் இருந்தது. வங்கி ஓடிபி வரும் பழைய சிம்முக்காக வைத்திருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதையும் அணைத்துவிட்டார், அப்புறம் அது இருப்பதையே மறந்துவிட்டார். இவ்வளவு வரைக்கும் அவர் அதிர்ஷ்டசாலி என்றுகூடச் சொல்லலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பழைய பட்டன் போன்கள் பலவற்றில் ஒரு குணம் உண்டு: போனை அணைத்து வைத்திருந்தாலும் அலாரம் மட்டும் நேரத்துக்கு அடிக்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து மாத்திரை போடச் சொல்ல தினமும் பத்து மணிக்கு அலாரம் வைத்திருந்தார்.

கணினி வழித் தேர்வு. முதலில் கேட்டல், சுமார் 30 நிமிடம். அதன் முடிவில் விடைகளைச் சரிபார்க்க 2 நிமிடம். பிறகு வாசிப்பு 60 நிமிடம், எழுத்து 60 நிமிடம். நடுவில் இடைவேளை கிடையாது. வாசிப்பில் இரண்டாவது பகுதியில் இருந்தார். மணி பத்து. கால் பக்கத்திலிருந்து அந்தப் பழைய நோக்கியா பாட்டு.

‘சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு நானும் தேடினேன் சார். எல்லாரும் என் பக்கம் திரும்பினப்பதான் எனக்கே தெரிஞ்சுது’ என்றார் அன்று மாலை என்னிடம்.

கண்காணிப்பாளர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாக எழுந்து வரச் சொன்னார். வெளியே மையத்தின் பொறுப்பாளர் போனை வாங்கி எந்த போன், எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு அடித்தது என்று எழுதினார். மாணவரையும் நடந்ததைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் உண்மையை அப்படியே எழுதினார். அத்தோடு அன்றைய தேர்வு முடிந்தது. மதியம் இருந்த பேச்சுத் தேர்வுக்கும் அனுமதி இல்லை என்றார்கள். சில நாளில் மின்னஞ்சல் வந்தது: விதிமீறலால் இந்தத் தேர்வுக்கு முடிவு வெளியிடப்படாது, கட்டணம் திரும்பாது.

அவருடைய வாதம் ஒரே வரி: ‘நான் அதை உபயோகிக்கவே இல்லையே.’ இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விதி உபயோகத்தைப் பற்றிப் பேசவில்லை. தேர்வு எழுதுபவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் விதிகளில் இருப்பது, மின்னணுச் சாதனம் எதுவும் அணைக்கப்பட்டு, சொன்ன இடத்தில் மற்ற உடைமைகளோடு இருக்க வேண்டும் என்பது. இரண்டும் வேண்டும். அணைத்துத் தன் மேலேயே வைத்துக்கொண்டாலும் தகுதி நீக்கம், ஒப்படைத்த பையில் அணைக்காமல் வைத்தாலும் தகுதி நீக்கம். நினைத்துப் பார்த்தால் வேறு வழியில்லை. ஒருவர் போனைப் பார்த்தாரா இல்லையா, கழிப்பறையில் எடுத்தாரா இல்லையா என்று மையத்தால் எப்படி நிரூபிக்க முடியும்? உடம்பில் இருந்ததா என்பதை நிரூபிக்கலாம். அதனால் மனசில் என்ன இருந்தது என்ற கேள்வியையே விதி கேட்பதில்லை.

மற்ற மாணவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கணினியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய அலாரத்துக்காக யாருக்கும் கூடுதல் நேரம் கிடைத்திருக்காது.

அன்று மாலையிலிருந்து ஆலோசனைகள் குவிய ஆரம்பித்தன. முதல் ஆலோசனை, மறுமதிப்பீடு கேட்கலாம் என்பது. தேர்வு எழுதிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது, வந்த மதிப்பெண் குறைவாக இருக்கிறது, திருத்தியதை மறுபடி பாருங்கள் என்று கேட்பதற்கு. இங்கே மதிப்பெண்ணே இல்லை. தேர்வு நாளில் மையத்தின் பக்கம் ஏதாவது குறை இருந்தால், ஹெட்போன் வேலை செய்யவில்லை, வெளியே இரைச்சல் என்பது போல, அதை மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் அங்கேயே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். இவர் விஷயத்தில் குறை மையத்துடையது இல்லை. பெல்ட் என்று சொன்னதும் விட்டுவிட்ட ஆளின் அசட்டையைச் சுட்டிக்காட்டலாமா என்று என்னிடம் கேட்டார். காட்டலாம். அதனால் போன் அவர் பேன்ட் பையில் இருந்தது என்பது மாறாது என்றேன்.

இரண்டாவது ஆலோசனை ஓர் ஏஜென்டிடமிருந்து. அதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ‘பேர்ல ஒரு எழுத்த மாத்தி, வேற மெயில் ஐடில புதுசா ரெஜிஸ்டர் பண்ணிடலாம் தம்பி, பழைய ரெக்கார்டு ஒட்டாது’ என்றாராம். அதுவரை இவர் செய்திருந்தது மறதி. இதைச் செய்திருந்தால் மோசடி ஆகியிருக்கும். அந்த இரண்டுக்கும் பின்விளைவுகள் வேறு வேறு. பொருள் வைத்திருந்தது, பேசியது போன்ற விதிமீறலில் போவது அந்த ஒரு தேர்வும் பணமும். தேர்வு நடத்துபவர்கள் நினைத்தால் சில காலம் மறுபடி எழுதவிடாமல் தடுக்கவும் செய்யலாம். ஆள்மாறாட்டம், போலி அடையாளம், விடைகளை வாங்குவது என்று போனால் அது தேர்வோடு நிற்காது. குடிவரவுத் துறைக்குத் தகவல் போகலாம். கனடாவில் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டு உள்ளே விட மாட்டார்கள். பிரிட்டனில் விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் பத்து ஆண்டு வரை மறுப்பு. மதிப்பெண் தாள் கைக்கு வந்துவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. வெளியிட்ட பிறகும் அதை ரத்து செய்ய தேர்வு நடத்துபவர்களுக்கு உரிமை உண்டு. மதிப்பெண்ணை ஏற்கும் பல்கலைக்கழகமும் கவுன்சிலும் தாளை நம்புவதில்லை, இணையத்தில் நேராகச் சரிபார்க்கின்றன.

ஏஜென்ட் சொன்னதன் கனத்தை அவருக்குப் புரியவைக்க நான் சொன்னது பிரிட்டனில் நடந்த டோயிக் விவகாரம். அது வேறு ஓர் ஆங்கிலத் தேர்வு, அமெரிக்க நிறுவனமான ஈடிஎஸ் நடத்தியது. அப்போது மாணவர் விசா நீட்டிக்க அதன் மதிப்பெண்ணையும் ஏற்றுக்கொண்டார்கள். 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசிய கேமராவில் எடுத்ததை ஒளிபரப்பியது. லண்டனில் ஒரு தேர்வு அறை. விண்ணப்பித்தவர்கள் எழுந்து ஓரமாக நிற்க, வேறு ஆட்கள் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து பேச்சுத் தேர்வை முடிக்கிறார்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் ஒருவர் விடைகளை உரக்கப் படித்துக் கொடுக்கிறார். பாஸ்போர்ட் சரியாகத்தான் இருந்தது. தேர்வு எழுதிய குரல்தான் வேறு.

அதற்குப் பிறகு ஈடிஎஸ் பழைய பேச்சுப் பதிவுகளை எல்லாம் குரல் ஒப்பீட்டுக்கு உட்படுத்தியது. பல பெயர்களில் ஒரே குரல் வருகிறதா என்று பார்த்தார்கள். 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,458 தேர்வுகளில் 33,663 செல்லாதவை என்றார்கள். இன்னொரு 22,476 சந்தேகத்துக்கு உரியவை. சந்தேகப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மறுபடி தேர்வு எழுத வாய்ப்புக் கிடைத்தது. செல்லாதவை என்ற பட்டியலில் இருந்தவர்களின் விசா ரத்தாகத் தொடங்கியது. விடியற்காலையில் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போன கதைகள் நிறைய.

எனக்கு இதில் உறுத்துவது அதன் மறுபக்கம். அவ்வளவு பேரும் மோசடிக்காரர்களா? 2016ல் பிரிட்டனில் குடிவரவு வழக்குகளைக் கேட்கும் மேல் தீர்ப்பாயம், அந்நாட்டு உள்துறை காட்டிய சான்றுகளில் பல பலவீனங்களைச் சுட்டியது. 2019ல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தபோது, விசாரிக்கப்பட்ட சுமார் 12,500 மேல்முறையீடுகளில் 3,600 பேர் ஜெயித்திருந்தார்கள். மறுபடி 2022ல் தீர்ப்பாயம் சான்றுகள் பொதுவாக நம்பத்தக்கவையே என்றது. நேர்மையாகத் தேர்வு எழுதி, அறையில் வேறு யாரோ செய்த காரியத்தால் வருடக்கணக்கில் கோர்ட் ஏறியவர்களும் அதில் உண்டு. இன்று மையத்தில் படம் எடுப்பதும் விரல் பதிவதும் தொந்தரவாகத்தான் இருக்கும். ஆனால் ‘அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நான்தான்’ என்று நாளைக்கு நிரூபிக்க உங்கள் பக்கம் இருக்கும் சாட்சியும் அவைதான்.

நம் நாட்டிலும் நடக்காமல் இல்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்க, கனடா எல்லையில் செயின்ட் ரெஜிஸ் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து ஆறு இந்திய இளைஞர்களை மீட்டார்கள். அவர்களில் நான்கு பேர் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்துக்காரர்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் நல்ல மதிப்பெண் வைத்திருந்தவர்களால் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதிலிருந்துதான் குஜராத்தில் போலீஸ் விசாரணை கிளம்பியது. தேர்வு நடந்த மண்டபத்தில் கண்காணிப்பு கேமரா அணைக்கப்பட்டிருந்தது என்று போலீஸார் சொன்னார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் மாணவர் ஏஜென்டின் எண்ணையே அழித்துவிட்டார். இரண்டு பேருமாக உட்கார்ந்து மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். மன்னிப்பு வேண்டும் என்று பக்கம் பக்கமாக இல்லை. மூன்றே வரிகள்: நடந்தது இது, முடிவை ஏற்கிறேன், இதே பாஸ்போர்ட்டில் மறுபடி பதிவு செய்ய எனக்குத் தடை ஏதும் உண்டா என்று எழுத்தில் தெரிவிக்கவும். தடை இல்லை என்று பதில் வந்தது. எல்லோருக்கும் இதே பதில் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

அவருக்கு இருந்த பெரிய பயம், விசா படிவத்தில் இது வந்து நிற்குமோ என்பது. விசா விண்ணப்பம் பார்ப்பது அதோடு வைக்கும் மதிப்பெண் தாள் உண்மையா என்று. முடிவே வராத ஒரு தேர்வை அவர் யாரிடமும் காட்டப்போவதில்லை. போலியாக எதுவும் கொடுக்கவும் இல்லை. இருந்தாலும் அந்த மின்னஞ்சல்கள் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், யாராவது நேராகக் கேட்டால் மறைக்காமல் காட்டுவதற்கு.

நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் தேர்வு முடிந்து வந்ததும் ‘இன்னைக்கு ஸ்பீக்கிங்ல என்ன டாபிக் வந்தது?’ என்று கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். டெலிகிராம் குழுக்களில் அது ஒரு தனிச் சந்தை. நானும் கேட்டிருக்கிறேன். தேர்வில் வந்த எதையும் எந்த வடிவத்திலும் வெளியே கொடுப்பது விதிமீறல் என்று, போனைப் பற்றிச் சொல்லும் அதே விதிப் பட்டியலில்தான் இருக்கிறது. அவருக்காக அதை வரி வரியாகப் படித்தபோதுதான் என் கண்ணிலும் உறைத்தது. இப்போது ‘தேர்வு எப்படிப் போச்சு, சாப்பிட்டீங்களா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி எழுதினார். அன்று காலை கார்கோ பேன்ட் போடவில்லை, இரண்டு போனையும் அறை நண்பரிடம் கொடுத்துவிட்டு மையத்துக்கு ஆட்டோவில் போனார். திரும்பிவர ஆட்டோவுக்குக் காசு மட்டும் பையில். மெட்டல் டிடெக்டர் இந்த முறையும் இடுப்பருகே கீச்சிட்டது. இவர் எதுவும் சொல்லாமல் பெல்ட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு, ‘இன்னொரு தடவை பாருங்க சார்’ என்றாராம்.